சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கர் ஏன் உறுமுகிறது?

கல்யாண மண்டபத்தில் லேப்டாப்பை மிக்ஸரில் இணைத்ததும் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. மூன்று பின் சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் இது கிரவுண்ட் லூப்தான்.

இரண்டு கருவிகளும் தனித்தனி பிளக் வழியே எர்த் ஆகின்றன. ஆடியோ கேபிளின் உலோக உறையும் அவற்றை இணைக்கிறது. இப்படி உருவாகும் வளையத்தில் மின்சாரம் ஓடுவதால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் பாட்டோடு கலக்கின்றன. உறை வெளி இரைச்சலைத் தடுக்கும். ஆனால் சாதாரண கேபிளில் சிக்னல் திரும்பும் வழியும் அதுவே என்பதால், நல்ல உறை மட்டும் போதாது.

பேலன்ஸ்டு இணைப்பில் சிக்னலுக்கு இரண்டு கம்பிகள். இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சலை மிக்ஸர் கழித்துவிடும். லேப்டாப்பில் அந்த வசதி இல்லை. எனவே நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸை வைத்து, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட வேண்டும். பாட்டு காந்தப்புலம் வழியே கடக்கும், வளையம் அறுந்துவிடும். மலிவான டிரான்ஸ்ஃபார்மரில் பாஸ் சற்று மெலியலாம்.

எர்த் பின்னை மட்டும் ஒடித்துவிடாதீர்கள். ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.