படியுமா, படியாதா?

காரீய நைட்ரேட் கரைசலையும் சாதாரண உப்புக் கரைசலையும் சம அளவு கலக்கிறோம். இரண்டும் லிட்டருக்கு 0.04 மோல். காரீயக் குளோரைடு வெண்மையாகப் படியுமா? நுழைவுத் தேர்வுகளில் அடிக்கடி வரும் வகைக் கேள்விதான்.

அயனிப் பெருக்கம் கரைதிறன் பெருக்கத்தைத் தாண்டினால்தான் வீழ்படிவு. PbCl₂-வின் கரைதிறன் பெருக்கம் 1.7 × 10⁻⁵. பலரும் 0.04 × (0.04)² என்று போட்டு 6.4 × 10⁻⁵ பெறுவார்கள், படியும் என்பார்கள். ஆனால் கலந்ததும் கன அளவு இரட்டிப்பாகிறது, செறிவுகள் 0.02 ஆகக் குறைகின்றன. 0.02 × (0.02)² = 8 × 10⁻⁶. வரம்புக்குக் கீழே, படியாது.

சரி, படியத் தொடங்க எவ்வளவு குளோரைடு வேண்டும்? 1.7 × 10⁻⁵-ஐ 0.02-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.029. இது கலவையில் இருக்க வேண்டிய செறிவு. ஊற்றும் உப்புக் கரைசலுக்கு 0.058 வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர் இரண்டையும் விடைகளில் வைப்பார், சந்தேகமே வேண்டாம்!

பொது அயனி விளைவிலும் இதே நெருக்கடி. வெறும் நீரில் லிட்டருக்கு 0.016 மோல் கரையும் காரீயக் குளோரைடு, 0.1 மோலார் உப்பு நீரில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. குளோரைடை 0.1 என்றே கொண்டால் விடை 1.7 × 10⁻³. கரையும் காரீயக் குளோரைடு தரும் கூடுதல் குளோரைடையும் சேர்த்தால் 1.6 × 10⁻³. இரண்டும் விடைகளில் இருந்தால் தோராயம் உதவாது. வெள்ளிக் குளோரைடு போல மிகக் குறைவாகக் கரைவதற்கு அந்தக் கவலை இல்லை.