உயில்வழி அறக்கட்டளையும் வாழ்நாள் அறக்கட்டளையும்

இந்திய அறக்கட்டளைகள் சட்டம், 1882-இன் 5ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்தின் மீது தனியார் அறக்கட்டளையை உயில் மூலமோ பதிவு செய்த ஆவணம் மூலமோ மட்டுமே ஏற்படுத்த முடியும்.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் வாடகைக்கு விடப்படும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். உயில்வழி அறக்கட்டளையில், இறக்கும்வரை வீடு உரிமையாளருடையதே. உயிலை அவர் மாற்றலாம். இறந்தபின் வாரிசு ஒருவர் வழக்குத் தொடுத்தால், உயிலில் கையொப்பமிட்ட சாட்சிகளுள் ஒருவரேனும் நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்க வேண்டும். அதுவரை பட்டா மாற்றம் தாமதமாகலாம்.

வாழ்நாள் அறக்கட்டளையில், முத்திரைத் தீர்வை செலுத்தி ஆவணம் பதிவானதும் வீடு அறங்காவலர் வசமாகிறது. உரிமையாளர் இறந்தாலும் அறங்காவலர் வாடகையை வாங்கிப் பயனாளிகளுக்குத் தரலாம். ஆனால் திரும்பப் பெறும் உரிமை ஆவணத்தில் இல்லையெனில், பயனாளிகள் அனைவரும் இசையாமல் வீட்டை மீட்க முடியாது. பின்னர் தென்காசியில் வாங்கிய வயலைத் தனி ஆவணத்தால் சேர்க்காவிட்டால், அது வழக்கம்போல் வாரிசுகளுக்கோ உயிலின்படியோ செல்லும்.