ஏஜென்சி பதில் போடும் மின்னஞ்சல்

“ஐந்து ஆண்டு அனுபவமுள்ள டிசைனர் நான். லோகோ, பிரோஷர், இணையதளம், வீடியோ எல்லாம் செய்வேன்.” தனியாகத் தொழில் செய்யும் டிசைனர்கள் பலரும் விளம்பர ஏஜென்சிகளுக்கு எழுதும் மின்னஞ்சல் இப்படித்தான் தொடங்குகிறது. பதில் வராததற்குக் காரணமும் இந்த வரிதான். ஏஜென்சியில் டிசைனர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கைக்கு மீறி வேலை சேரும்போதுதான் ஆர்ட் டைரக்டர் வெளியாளைத் தேடுவார்.

தீபாவளி நேரத்து ஜவுளிக்கடை விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். மூல டிசைனுக்குக் கடைக்காரர் ஒப்புதல் தந்தாயிற்று. இனி அதையே நாளிதழ், ஹோர்டிங், இன்ஸ்டாகிராம் என ஒவ்வொன்றின் அளவுக்கும், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்ற வேண்டும். ‘அடாப்டேஷன்’ எனப்படும் இந்த வேலையில்தான் ஆள் போதாமல் போகும். அதைத் தெரிந்த கோவை டிசைனர் ஒருவர் சென்னை ஏஜென்சிக்கு இப்படி எழுதலாம்:

பொருள்: தீபாவளி அடாப்டேஷன் – தமிழ், ஆங்கிலம்

“வணக்கம் சார். உங்கள் ஏஜென்சி செய்த ஜவுளி விளம்பரங்களைப் பார்த்தேன். அச்சுக்கும் சமூக ஊடகத்துக்கும் இரு மொழிகளிலும் அடாப்டேஷன் செய்து தருகிறேன். அதே வகையில் நான் செய்த ஐந்து வேலைகள் இந்த இணைப்பில் உள்ளன. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் ஒதுக்க முடியும். ஒரு சிறிய வேலை கொடுத்துப் பார்க்கிறீர்களா?”

என்ன செய்வார், எங்கே பார்க்கலாம், எப்போது கிடைப்பார் என்ற மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது.

மற்றதை முடிவு செய்வது அந்த இணைப்பு. முகப்புப் பக்கத்தைக் காட்டி, கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே ஜவுளி விளம்பரத்தைத் தேடவைக்கக் கூடாது. பொருத்தமான வேலைகள் மட்டும் உள்ள பக்கம் நேராகத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும், எழுத்துரு அமைப்பா, முழு டிசைனா, அதில் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி வேண்டும். குழுவாகச் செய்ததை முழுக்கத் தன்னுடையதாகக் காட்டினால், இந்தச் சிறிய துறையில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

கூகுள் டிரைவில் வைத்திருந்தால் அனுமதியைச் சரிபாருங்கள். மறந்தால் படிப்பவர் திரையில் ‘Request access’ என்று வரும். அனுமதி கேட்டுக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. உங்கள் கணக்கில் உங்களுக்கு எப்போதும் திறக்கும் என்பதால் இந்தத் தவறு கண்ணில் படாது. பிரவுசரின் இன்காக்னிடோ சாளரத்திலும், கைபேசியிலும் ஒருமுறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னும் வெளியாகாத விளம்பரத்தை மட்டும் போர்ட்ஃபோலியோவில் வைக்காதீர்கள். நாளை தன் வாடிக்கையாளரின் ரகசியமும் இப்படித்தான் வெளியே போகும் என்று ஆர்ட் டைரக்டர் நினைப்பார். அந்த ஒரு படத்துக்காக மற்ற நான்கு நல்ல வேலைகளும் வீணாகும்.