‘வாங்கிடலாம்’ என்றால் யார் வாங்குவது?

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கக் கூட்டம், மார்ச் 9, 2025, ஞாயிறு மாலை காணொளியில் நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரப் பேச்சு தானாக எழுத்தாகி, இருபது பக்கமாகச் செயலாளரின் கணினியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை ஒரே பக்கக் குறிப்பாக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது பற்றிய பகுதி இப்படிப் போகிறது:

12:05 செயலாளர்: பழைய காண்ட்ராக்டரையே கூப்பிட்டுடலாம்.
12:20 பொருளாளர்: போன தடவை அவர் பார்த்து ஆறே மாசத்துல மறுபடி ஒழுகுச்சே. ரெண்டு கொட்டேஷனாவது வாங்கணும்.
12:31 செயலாளர்: சரி, வாங்கிடலாம்.

அவசரக்காரர் முதல் வரியைப் பார்த்ததுமே ‘பழைய காண்ட்ராக்டரை அழைக்க முடிவு’ என்று எழுதிவிடுவார். அது வெறும் யோசனை. இருபத்தாறு நொடியில் செத்துப்போனது. முடிவு மூன்றாம் வரியில்தான் இருக்கிறது. ஆகவே பதிவு முழுவதையும் ஒருமுறை வாசித்து முடிக்காமல் எதையும் ‘முடிவு’ என்று குறிக்கக் கூடாது.

அடுத்த சிக்கல் மொழியில் இருக்கிறது. ‘வாங்கிடலாம்’ என்பதில் ஆளே இல்லை. ‘வாங்கறேன்’ என்றால் பேசியவர் பொறுப்பு. ‘நாங்க வாங்கறோம்’ என்றால் கேட்பவரை விட்டுவிட்டுப் பேசியவர் தரப்பு. ‘லாம்’ போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் கடைக்குப் போகமாட்டார்கள்! எனவே ‘லாம்’ வந்த இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, அந்த வேலையை யாராவது பிறகு ஏற்றுக்கொண்டார்களா என்று தேட வேண்டும். இங்கே 38-வது நிமிடத்தில், வேறொரு பேச்சுக்கு நடுவே, பொருளாளர் பெயரில் ஒரு வரி கிடக்கிறது: “அந்தக் கொட்டேஷனை நான் வெள்ளிக்குள்ள வாங்கித் தந்துடறேன்.”

இரண்டையும் சேர்த்தால் குறிப்பு தயார்:

முடிவு: தொட்டிப் பழுதுக்குக் குறைந்தது இரண்டு கொட்டேஷன் பெறுவது.
பொறுப்பு: பொருளாளர். கெடு: மார்ச் 14, வெள்ளி.

‘வெள்ளிக்குள்ள’ என்பதைத் தேதியாக மாற்றியதைக் கவனிக்கலாம். பத்து நாள் கழித்துப் படிப்பவருக்கு அது எந்த வெள்ளி என்று தெரியாது. யார் யாரை மடக்கினார் என்பதும் குறிப்புக்குத் தேவையில்லை.

பெயரையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒரே கைபேசி முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினால், இருவர் பேச்சும் ஒரே பெயரில்தான் பதிவாகும். தொகைகள் இன்னும் மோசம்: ‘ஃபிஃப்டீன்’ என்று சொன்னது ‘ஃபிஃப்டி’ ஆகிவிடும். பெயரும் பணமும் வரும் வரிகளுக்கு மட்டுமாவது, அந்த நிமிடத்து ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது.

மொட்டைமாடிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துடலாம் என்று 51-வது நிமிடத்தில் ஒருவர் சொல்கிறார். பதிலே இல்லை, பேச்சு பார்க்கிங்குக்குத் தாவிவிடுகிறது. மௌனத்தைச் சம்மதமாக எழுதத் தோன்றும். இதை ‘முடிவாகாதவை’ என்ற தலைப்பில், பொறுப்பு என்ற இடத்தை வெறுமையாக விட்டு எழுதி, மறுநாளே எல்லோருக்கும் அனுப்பிக் கேட்பதுதான் சரி. சாவி அதுவரை செயலாளர் வீட்டு ஆணியிலேயே தொங்கட்டும்.