வழுக்கும் பாறைக்கு எந்தச் சப்பாத்து?

உடையார்கட்டில் குளமும் வயலும் உண்டு, அருவி இல்லை. அருவி பார்க்க மலையகத்துக்குத்தான் போகவேண்டும். கொஸ்லந்தைக்குக் கிட்ட உள்ள தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரம். மேலே ஏறினால் தண்ணீர் பாறை பாறையாக வழிந்து தடாகங்களில் நிறைந்து கிடக்கும். அங்கே ஓட்டச் சப்பாத்தோடும் றப்பர் செருப்போடும் போகிறவர்களே அதிகம். செருப்பு ஓடும் தண்ணீரில் கழன்றுவிடும். ஓட்டச் சப்பாத்து தண்ணீரைக் குடித்துக் கனக்கும்.

நனைந்த பாறை எல்லாம் ஒரே மாதிரி வழுக்காது. பாசி படர்ந்த இடத்தில் காலுக்கும் கல்லுக்கும் நடுவே வழுவழுப்பான படலம் கிடக்கிறது. அடி றப்பர் கல்லைத் தொடுவதே இல்லை. உயரமான குமிழ்கள் உள்ள அடி சேற்றுக்கு நல்லது. பாறையிலோ குமிழ்களின் நுனி மட்டும்தான் படும். பாறைக்கு வேண்டியது மென்மையான றப்பர், தட்டையான அகன்ற அடி, அதில் கத்தியால் கீறினாற்போல் மெல்லிய வெட்டுகள். அந்த வெட்டுகளுக்குள் தண்ணீர் ஒதுங்க, றப்பர் கல்லில் பதியும். பெருவிரல் நகத்தால் அடியை அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்காவிட்டால் அது கடின றப்பர்.

ஜப்பானில் ஓடை வழியே மலை ஏறுகிறவர்கள் கம்பளி ஒட்டிய அடியைப் போடுவார்கள். நார்கள் பாசிக்குள் இறங்கிப் பிடிக்கும். ஆனால் அது காய நாளாகும், சேற்றிலும் வழுக்கும். ஈரக் கம்பளி ஓர் ஆற்றின் பாசியை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் என்பதால் நியூசிலாந்தில் மீன்பிடிப்பவர்களுக்கு அதை 2008இல் தடைசெய்தார்கள்.

வாங்கிய சப்பாத்தை மாரியில் பாசி பிடித்த கிணற்றடிக் கொங்கிறீற்றில் பரீட்சித்துப் பார்க்கலாம். கப்பியின் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு மெல்ல முன்னே தள்ளுங்கள். சட்டென்று வழுக்கினால் அருவியிலும் அதே கதைதான். நல்ல றப்பரும் தடித்த பச்சைப் பாசியில் தோற்கும். அங்கே கல்லின் மேல் ஏறாமல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் முழுப்பாதமும் படும்படி வையுங்கள். தண்ணீர் விளிம்பைத் தாண்டி விழும் இடத்துக்கு எந்தச் சப்பாத்தோடும் கிட்டப் போகக்கூடாது.

அடுத்து, சப்பாத்துக்குள்ளே ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடியுங்கள். நாலைந்து எட்டு வைக்கும் நேரத்துக்குள் பெரும்பகுதி வடியவேண்டும். வடிதுளைகள் பக்கவாட்டில் உயரத்தில் மட்டும் இருந்தால் குதிக்கடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். தேங்கினால் தோல் ஊறி வெளுத்து, உரசிய இடம் கொப்பளிக்கும். துளை பெரிதென்றால் சரளைக்கல் புகுந்துவிடும். துளைக்குமேல் வலை போட்டிருப்பது நல்லது.

தோலும் பருத்தியும் இலகுவில் காயாது. நைலோன் வலையால் செய்த சப்பாத்து, உள்தட்டை எடுத்துவிட்டுக் காற்றில் வைத்தால் வேளைக்கே காய்ந்துவிடும். உள்தட்டு தடித்த ஸ்பொஞ்சானால் மேலே காய்ந்த பிறகும் அதற்குள் ஈரம் நிற்கும். தகரக் கூரையில் வெயிலுக்குப் போட்டால் சூட்டில் பசை விட்டு, முன்பக்க அடி கிளம்பத் தொடங்கும். பயணத்துக்கு முதல்நாள் அந்த முனையை விரலால் நெம்பிப் பார்த்துவிடுங்கள்.