'நீர்' என்று எழுதலாமா?

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பிரஸ் பிரிவில் வேலை பார்க்கும் தொழிலாளி ஒருவருக்கு நிர்வாகம் கொடுக்க இருந்த கடிதம் என் மேசைக்கு வந்தது. ஆங்கில மூலம் ஒரு பக்கம். அதனோடு அலுவலகத்திலேயே யாரோ செய்து வைத்திருந்த தமிழாக்கமும் இருந்தது. "கொஞ்சம் பிழை மட்டும் பாருங்க சார், சாயந்திரம் கையெழுத்து வாங்கணும்" என்றார் மனிதவளப் பிரிவு அதிகாரி. எழுத்துப்பிழை இரண்டே இரண்டுதான் இருந்தது. ஆனால் முதல் பத்தியைப் படித்து முடித்ததுமே, இதை இப்படியே கொடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

தமிழாக்கம் இப்படித் தொடங்கியது: "நீர் 14-ஆம் தேதி இரண்டாம் ஷிப்டில் அனுமதியின்றி இயந்திரத்தை விட்டு வெளியேறினீர். மேற்பார்வையாளர் அவர்கள் கூறிய உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்தீர். இது ஒழுங்கீனமாகும்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சுருக்கமும் கூட. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது இது அல்ல. அங்கே வாக்கியம் 'குற்றஞ்சாட்டப்படுகிறது' என்ற பொருளில் தொடங்கி, 'இவை மெய்ப்பிக்கப்பட்டால் ஒழுங்கீனமாகும்' என்று முடிந்தது. தமிழில் அந்த இரண்டு சொற்றொடர்களும் காணாமல் போயிருந்தன. சுற்றி வளைப்பதாகத் தோன்றி வெட்டிவிட்டிருப்பார்கள். வெட்டியதும் கடிதத்தின் இயல்பே மாறிவிட்டது: விளக்கம் கேட்கும் கடிதம் தீர்ப்பாகிவிட்டது.

இது வெறும் நடைப் பிரச்சினை இல்லை. 2010-இல் ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. காரணம் கேட்கும் அறிவிப்பிலேயே குற்றம் உறுதியானதுபோல் எழுதினால், அதற்குப் பிறகு நடக்கும் விசாரணை வெறும் சடங்காகிவிடும். திறந்த மனத்தோடு விசாரித்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த வழக்கில் பிழை மூல அறிவிப்பிலேயே இருந்தது. எங்கள் கடிதத்திலோ மூலம் ஒழுங்காக இருந்தது. மொழிபெயர்ப்புதான் அதைக் கெடுத்தது. தொழிலாளி கையில் வாங்கி, படித்து, கையெழுத்துப் போடப்போவது அந்தத் தமிழ்த்தாளில்தான்.

தமிழில் இதைக் காப்பாற்றும் இடம் வினைமுற்று. 'வெளியேறினீர்கள்' என்றால் நடந்தது. 'வெளியேறியதாகக் குற்றஞ்சாட்டப்படுகிறது' என்றால் சொல்கிறார்கள், இன்னும் தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'கூறப்படுகிறது' வந்தால் காது சலிக்கும், உண்மைதான். அதனால் நான் முதலில் 'உங்கள் மீதான குற்றச்சாட்டுகள் வருமாறு' என்று ஒரு வரி போட்டுவிட்டு, கீழே ஒவ்வொன்றையும் 'வெளியேறியது', 'கீழ்ப்படிய மறுத்தது' என்று தொழிற்பெயரில் நிறுத்திவிடுவேன். வினைமுற்றும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

அடுத்து அந்த 'நீர்'. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். மேலாளருக்கும் அதுவே, தொழிலாளிக்கும் அதுவே. தமிழில் மொழிபெயர்ப்பவர் இடம் பார்த்துத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பழைய ஆலைக் கடிதங்களில் 'நீர்' சகஜம். அதைப் பார்த்துப் பழகியவர்கள் அதுதான் 'சட்டத் தமிழ்' என்று நினைக்கிறார்கள். இன்றைக்கு அது அதட்டலாகத்தான் கேட்கிறது. 'தாங்கள்' போட்டுப் பார்த்தால், "தாங்கள் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறீர்கள்" என்பதில் ஒரு கேலி ஒட்டிக்கொள்கிறது. அரசு அலுவலகங்களில் 'தனியர்' என்று மூன்றாம் மனிதராக எழுதித் தப்பிப்பார்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்றே புரியாது. ஆகவே 'நீங்கள்'.

அதைவிட முக்கியம், 'அவர்கள்'. அந்த வரைவில் மேற்பார்வையாளருக்கு 'அவர்கள்' இருந்தது. தொழிலாளியின் பெயருக்கு முன் 'திரு.' கூட இல்லை. மூலத்தில் இருவருக்கும் 'மிஸ்டர்' இருந்தது. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பதைத் தமிழ் இப்படி நம்மை அறியாமலே காட்டிக்கொடுத்துவிடும். போட்டால் இருவருக்கும் போட வேண்டும், இல்லையென்றால் இருவருக்கும் எடுத்துவிட வேண்டும்.

குற்றச்சாட்டின் பெயருக்கு வருவோம். மாதிரி நிலையாணைகளில் இந்த ஒழுங்கீனம் வெறும் 'கீழ்ப்படியாமை' அல்ல. மேலதிகாரியின் சட்டப்படியானதும் நியாயமானதுமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. இதில் ஒவ்வொரு அடைமொழியும் நிர்வாகம் மெய்ப்பிக்க வேண்டிய ஒரு பாரம். 'வேண்டுமென்றே'யை விட்டால், பிரஸ் சத்தத்தில் உத்தரவு காதில் விழவில்லை என்று சொல்லும் தொழிலாளிக்கு அதுதான் தன் பதில் என்றே தெரியாமல் போகும். 'நியாயமான'வை விட்டால், பாதுகாப்புக் கவசம் பழுதான இயந்திரத்தை ஓட்டச் சொன்னார்கள் என்று எழுதத் தோன்றாது.

இதற்கு மொழிபெயர்ப்பாளர் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டமே, நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் ஒட்டிவைக்கச் சொன்னது. பல ஆலைகளில் நேரக் கணக்காளர் அறைக்கு வெளியே அந்தத் தமிழ்ப் பிரதி மஞ்சளடித்துத் தொங்கும். முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்கி, அந்தப் பிரிவின் தமிழை எழுத்து மாறாமல் எடுத்தாள வேண்டும், அந்தத் தமிழ் கரடுமுரடாக இருந்தாலும். சுவரில் 'ஒழுங்கீனம்', கடிதத்தில் 'தவறான நடத்தை' என்றிருந்தால், இரண்டும் வெவ்வேறா என்று ஒரு வழக்கறிஞர் அரை நாள் வாதாடுவார்.

'சஸ்பென்ஷன்' தனித் தலைவலி. பணியிடை நீக்கம் என்பதுதான் வழக்கிலுள்ள சொல். ஆனால் படிக்கிறவர் கண்ணில் 'நீக்கம்' மட்டுமே விழுகிறது. "வேலையை விட்டு எடுத்துட்டாங்க" என்று வீட்டில் போய் உட்கார்ந்து, விளக்கம் எழுதாமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் 'விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கத்தில், அதாவது சஸ்பென்ஷனில், வைக்கப்படுகிறீர்கள். இக்காலத்தில் விதிப்படி பிழைப்பூதியம் வழங்கப்படும்' என்று எழுதுகிறேன். சஸ்பென்ஷன் எல்லோருக்கும் தெரியும். பிழைப்பூதியம் வருகிறது என்றாலே வேலை போகவில்லை என்பதும் விளங்கிவிடும்.

மூலத்தில் கெடு 48 மணி நேரம். தமிழில் '2 நாட்களுக்குள்'. இரண்டும் ஒன்றுதானே என்றார் அதிகாரி. சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கடிதம் கொடுத்தால் 48 மணி நேரம் திங்கள் மாலை 5 மணிக்கு முடியும். நாள் கணக்கென்றால், 'இன்ன நாளிலிருந்து' என்னும்போது முதல் நாளை விட்டுத்தான் எண்ண வேண்டும் என்கிறது 1897-ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டம். நிறுவனக் கடிதத்துக்கும் அந்த முறையே வழக்கம். அப்படி எண்ணினால் திங்கள் நள்ளிரவுவரை ஓடும். ஏழு மணி நேர வித்தியாசம். ராத்திரி 9 மணிக்கு வாட்ச்மேனிடம் பதிலைக் கொடுத்தவர் கெடு தாண்டியவரா, இல்லையா? மூலத்தில் மணி என்றால் தமிழிலும் மணிதான்.

கடைசியாக, "உங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?" ஆங்கிலத்தில் இது உண்மையிலேயே கேள்வி. தமிழ்க் காதுக்கு இது கேள்வியே இல்லை, மிரட்டல். 'ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்பதற்கு உங்கள் தரப்புக் காரணங்கள் இருப்பின் அவற்றை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்' என்று மாற்றினேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பதில் எழுதலாம் என்று புரிகிறது.

பதிலும் வந்தது, கோடு போட்ட தாளில். அதை ஆங்கிலமாக்கும் வேலையும் எனக்கே. உத்தரவு காதில் விழவில்லை என்று விவரமாக எழுதிவிட்டு, கீழே நம் வழக்கப்படி, "தவறு ஏதும் இருந்தால் மன்னிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தார். இதை 'என் தவறுக்கு மன்னிப்புக் கேட்கிறேன்' என்று ஆங்கிலத்தில் போட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். அந்த 'ஏதும் இருந்தால்' ஆங்கிலத்தில் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் தாளை உறையில் போட்டேன்.