தலைப்பின் முதல் சொற்கள் ஏன் முக்கியம்?

எட்சி தளத்தில் பொருளின் தலைப்பை 140 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் கைபேசியின் தேடல் பட்டியலில் அது முழுதாகத் தெரிவதில்லை. இடம் தீர்ந்ததும் மென்பொருள் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். அது பார்ப்பது அகலத்தை, அர்த்தத்தை அல்ல.

இந்தத் தலைப்பைப் பாருங்கள்: ‘பாரம்பரிய சமையலறைக்கு உயர்தரமான புதிய வரவு, வார்ப்பிரும்பு தோசைக்கல், 12 அங்குலம்’. வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ‘பாரம்பரிய சமையலறைக்கு உயர்தரமான…’ மட்டுமே. விற்பது கல்லா கரண்டியா என்றே தெரியாது. பட்டியலை மேலோட்டமாக மேய்பவர் ஒவ்வொரு வரியிலும் பெரும்பாலும் முதல் சில சொற்களைத்தான் பார்க்கிறார். ‘உயர்தரமான’ என்று யாரும் தேடுவதுமில்லை.

‘வார்ப்பிரும்பு தோசைக்கல் 12 அங்குலம்’ என்று தொடங்குங்கள். தேடும் சொல் முதலில், அடுத்து எது இல்லையென்றால் வாங்குபவர் விலகிவிடுவாரோ அந்தப் பண்பு. கல்லுக்கு அது அளவு. அடுப்பில் பொருந்த வேண்டுமே. சேலைக்கு அளவு பெரும்பாலும் பொதுவானது; அங்கே துணிவகைதான் முந்த வேண்டும். எது என்று குழம்பினால், வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள்.

கடைப்பெயர், நிறம், பரிசுக்கு ஏற்றது என்பதெல்லாம் பின்னால் வரட்டும். பதிவேற்றியதும் சிறிய திரையுள்ள கைபேசியில் ஒருமுறை தேடி, புள்ளிகளுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.